ஜீரோவை எங்கே வைப்பது? ரூட் லோகஸில் லீட்-லேக் காம்பன்சேட்டர் வடிவமைக்கும் வழி

லீட் காம்பன்சேட்டருக்கு ஒரு ஜீரோ உண்டு, ஒரு போல் உண்டு. இரண்டையும் எங்கே வைப்பது என்று கேட்டால், ரூட் லோகஸின் கோணக் கணக்கு ஒரே ஒரு நிபந்தனையைத்தான் தருகிறது. தெரியாத எண்கள் இரண்டு, சமன்பாடு ஒன்று. அதனால் ஜீரோவை நாமே ஓரிடத்தில் வைத்துவிட்டுப் போலைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. ஜீரோவை எங்கே வைத்தாலும் லோகஸ் நாம் விரும்பிய புள்ளி வழியாகப் போய்விடும். கணக்கு சரியாக வந்துவிட்டது என்று எழுந்து போகத் தோன்றும். ஆனால் ஒரே புள்ளி வழியாகப் போகும் மூன்று வடிவமைப்புகளில் ஒன்று நன்றாக வேலை செய்யும், ஒன்று இலக்கைத் தாண்டித் துள்ளும், இன்னொன்று இலக்கை எட்டாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். ஏன் அப்படி, எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்பதை ஒரே உதாரணத்தை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

எடுத்துக்கொள்ளும் அமைப்பு

ஒரு மோட்டார் ஒரு தண்டைக் குறிப்பிட்ட கோணத்துக்குத் திருப்பி நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் இது:

```
G(s) = 1 / ( s (s+2) (s+8) )
```

வேகத்திலிருந்து கோணம் பிறப்பதால் வருவது s = 0 போல். மோட்டாரின் சுழல் நிறையும் உராய்வும் சேர்ந்து தருவது −2. மின்சுற்றின் தாமதம் −8. கெயின் முழுவதையும் காம்பன்சேட்டர் பக்கம் K என்று ஒதுக்கிவிட்டோம்.

இலக்குகள் மூன்று. ஸ்டெப் கொடுத்தால் ஓவர்ஷூட் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 2 சதவீதப் பட்டைக்குள் வந்து நிலைக்கும் செட்டிலிங் நேரம் 2.5 விநாடிக்குள் இருக்க வேண்டும். விநாடிக்கு ஓர் அலகு வீதம் ஏறும் ரேம்ப் கொடுத்தால் கடைசியில் நிற்கும் பிழை 0.1-க்கு மேல் போகக்கூடாது, அதாவது அந்தப் பிழையின் தலைகீழான Kv குறைந்தது 10. முதல் இரண்டையும் லீட் பார்த்துக்கொள்ளும், மூன்றாவதை லேக் பார்த்துக்கொள்ளும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். லேக்கை முதலில் போட்டால், லீட் வந்து K-யை மாற்றியதும் லேக்கின் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும்.

இலக்கை ஒரு புள்ளியாக மாற்றுவது

ஓவர்ஷூட் 20 சதவீதம் என்றால் டேம்பிங் விகிதம் ζ ஏறக்குறைய 0.456. செட்டிலிங் நேரத்துக்குப் பழக்கமான தோராயம் 4/σ, இதில் σ என்பது போல் ஜோடி கற்பனை அச்சுக்கு இடப்பக்கம் நிற்கும் தூரம். அதன்படி 2.5 விநாடிக்கு σ = 1.6 போதும். ஆனால் இந்த இரண்டு சூத்திரமும் ஜீரோ எதுவும் இல்லாத, இரண்டே போல் உள்ள அமைப்புக்கு உரியவை. நம்முடையது அப்படி இருக்கப்போவதில்லை. எனவே இரண்டிலும் கொஞ்சம் இடம் விட்டு ζ = 0.5, σ = 2 என்று எடுத்துக்கொள்வோம். ζ = 0.5 என்பது எதிர்மறை மெய் அச்சோடு 60 பாகைக் கோணத்தில் போகும் கோடு. அதில் மெய்ப்பகுதி −2 ஆகும் இடம்:

```
sd = -2 + j3.464
```

கெயினை மட்டும் கூட்டி இங்கே வர முடியுமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். முடிந்தால் காம்பன்சேட்டரே தேவையில்லை. G(s)-இன் லோகஸ் ζ = 0.5 கோட்டை வெட்டுவது −0.8 ± j1.386-இல், அங்கே K = 21.5. செட்டிலிங் நேரம் ஏறக்குறைய 5 விநாடி, Kv வெறும் 1.34. கெயினை இன்னும் ஏற்றினால் டேம்பிங் போய்விடும், K = 160-இல் அமைப்பு அலைபாய ஆரம்பித்துவிடும். ஆக, லோகஸையே இடப்பக்கம் வளைத்துக்கொண்டு வர வேண்டும்.

எவ்வளவு கோணம் குறைகிறது

லோகஸ் ஒரு புள்ளி வழியாகப் போக வேண்டுமானால், போல்களிலிருந்து அந்தப் புள்ளிக்கு வரையும் கோடுகளின் கோணங்களைக் கூட்டி, ஜீரோக்களின் கோணங்களைக் கழித்தால் 180 பாகை வர வேண்டும். வால்டர் எவன்ஸ் 1948-இல் இந்த முறையை வெளியிட்ட காலத்தில் கம்ப்யூட்டர் வரைபடம் கிடையாது. இந்தக் கோணங்களைக் கூட்டுவதற்கென்றே ஸ்பைரூல் என்று ஒரு பிளாஸ்டிக் கருவியை அவர் செய்து கொடுத்தார். நமக்குக் கால்குலேட்டர் போதும்.

sd-க்கு s = 0 போலிலிருந்து வரும் கோணம் 120 பாகை. −2 போல் sd-க்கு நேர் கீழே இருக்கிறது, அதனால் 90. −8 போலிலிருந்து 30. மொத்தம் 240. வேண்டியது 180. ஆகவே காம்பன்சேட்டரின் ஜீரோ தன் போலைவிட 60 பாகை அதிகமாகத் தர வேண்டும்.

ஒரு லீட் பகுதி 60 பாகை தருவது பெரிய சிரமமில்லை. 70-ஐத் தாண்டினால் ஜீரோவுக்கும் போலுக்கும் உள்ள இடைவெளி வேகமாக விரிந்து, இரைச்சலைப் பெருக்கும் சுமை ஏறிவிடும். அப்போது லீட் பகுதியை இரண்டாகப் பிரிப்பதோ, இலக்கைத் தளர்த்துவதோ நல்லது.

ஜீரோவை வைத்துப் பார்ப்போம்

ஜீரோ −z-இல் இருந்தால் அதன் கோணம் θz. போலின் கோணம் θz − 60. அந்தக் கோணத்தில் sd-இலிருந்து கீழே ஒரு கோடு இறக்கினால் மெய் அச்சைத் தொடும் இடம்தான் போல்:

```
p = 2 + 3.464 / tan(θz - 60°)
```

ஜீரோவை எவ்வளவு தூரம் இடப்பக்கம் தள்ளலாம்? −4-இல் வைத்தால் அதன் கோணமே சரியாக 60. அப்போது போலின் கோணம் பூஜ்யம், அதாவது போல் முடிவிலியில் இருக்கிறது. அது லீட் இல்லை, வெறும் டெரிவேட்டிவ். அதையும் தாண்டித் தள்ளினால் ஒரு ஜீரோவால் 60 பாகை தரவே முடியாது. ஆகவே ஜீரோ −4-க்கு வலப்பக்கம் இருந்தாக வேண்டும். அந்த எல்லைக்குள் மூன்று இடங்களை எடுத்துப் பார்ப்போம்.

முதலில் −1. கோணம் 106.1 பாகை, போலுக்கு 46.1. போல் −5.33-இல் வருகிறது. sd-இலிருந்து தூரங்களைப் பெருக்கி வகுத்தால் K = 128. லோகஸ் sd வழியாகப் போகிறது. எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் குளோஸ்டு லூப்பில் மொத்தம் நான்கு போல்கள் உண்டு, நாம் வைத்தது இரண்டைத்தான். மற்ற இரண்டும் எங்கே போயின? பண்புச் சமன்பாட்டைப் பிரித்தால் −0.756, −10.6 என்று வருகின்றன.

அந்த −0.756-ஐக் கவனியுங்கள். ஒவ்வொரு ஜீரோவிலும் லோகஸின் ஒரு கிளை போய் முடிகிறது. ஆகவே மெய் அச்சில் ஒரு ஜீரோவை வைத்தால் அது ஒரு குளோஸ்டு லூப் போலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். −1-இல் வைத்த ஜீரோ, s = 0-இல் கிளம்பிய போலை −0.756-இலேயே பிடித்து வைத்துவிட்டது. அருகிலேயே ஜீரோ இருப்பதால் அதன் பங்கு குறைந்துவிடும் என்று சமாதானம் சொல்லலாம். அளந்து பார்த்தால் ஸ்டெப் ரெஸ்பான்ஸில் அது −0.31 என்ற எடையோடு நிற்கிறது. அது e^(−0.756t) வேகத்தில்தான் தேயும். 2.5 விநாடியில் வெளியீடு இன்னும் 5 சதவீதம் குறைவாக இருக்கும். 2 சதவீதப் பட்டைக்குள் வர 3.6 விநாடி ஆகும். நாம் கேட்ட இரட்டைப் போல்கள் கேட்ட இடத்திலேயே இருக்கின்றன, ஆனால் செட்டிலிங் நேரத்தை முடிவு செய்வது அவை அல்ல.

அடுத்து −3. கோணம் 73.9, போலுக்கு 13.9, போல் −16-இல் விழுகிறது. K = 384. மீதி இரண்டு குளோஸ்டு லூப் போல்கள் −4, −18. இம்முறை மெதுவான போல் எதுவும் இல்லை. Kv-யும் 4.5 ஆக உயர்ந்திருக்கிறது. ஆனால் இப்போது ஜீரோ வேறு விதமாகத் தொந்தரவு செய்கிறது. குளோஸ்டு லூப்பின் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனிலும் −3 ஜீரோ அப்படியே இருக்கிறது. அதற்குத் துணையாக வந்த போல் −4-இல், அதாவது ஜீரோவுக்கு இடப்பக்கம். இப்படி ஜோடியில் ஜீரோ வலப்பக்கம் இருந்தால் ரெஸ்பான்ஸ் முன்னோக்கித் தள்ளப்படும். அலையின் வீச்சு இரண்டே போல் உள்ள அமைப்பைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. ஓவர்ஷூட் 16 வர வேண்டிய இடத்தில் 23 சதவீதம் வருகிறது. இலக்கு தவறிவிட்டது. ζ கணக்கு பொய் சொல்லவில்லை. அது ஜீரோவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது −2, அதாவது sd-க்கு நேர் கீழே. பலரும் கைப்பழக்கமாகத் தொடங்கும் இடமும் இதுதான். கோணம் 90, போலுக்கு 30, போல் −8-இல். ஜீரோ மோட்டாரின் −2 போலின் மேலேயே உட்கார்ந்து அதை அடித்துவிடுகிறது:

```
C(s) G(s) = 192 / ( s (s+8)^2 )
```

K = 4 × 48 = 192. போல்களின் கூட்டுத்தொகை −16, sd ஜோடியின் கூட்டுத்தொகை −4, ஆகவே மூன்றாவது குளோஸ்டு லூப் போல் −12. இந்த எளிய கூட்டல் தந்திரம் எப்போதும் கைகொடுக்கும்: போல்களின் எண்ணிக்கை ஜீரோக்களைவிடக் குறைந்தது இரண்டு அதிகமாக இருந்தால், கெயின் என்னவாக இருந்தாலும் போல்களின் கூட்டுத்தொகை மாறாது. −12 என்பது σ-வைப் போல ஆறு மடங்கு, ஜீரோவும் இல்லை. ஆகவே இரண்டு போல் தோராயம் இங்கே நன்றாகப் பொருந்துகிறது. ஓவர்ஷூட் 15.2 சதவீதம். செட்டிலிங் நேரம் 2.09 விநாடி. 4/σ சொன்ன 2-ஐவிட இது சற்று அதிகம். முன்பே விட்டு வைத்த இடம் இங்கேதான் உதவுகிறது.

ஆக, ஜீரோவைத் தேர்ந்தெடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த ஜீரோ எந்தக் குளோஸ்டு லூப் போலைத் தன் பக்கம் இழுக்கிறது, அது σ கோட்டுக்கு வலப்பக்கம் நிற்கிறதா? வலப்பக்கம் நின்றால் வால் ஒன்று இழுத்துக்கொண்டே வரும். இடப்பக்கம் நின்று, ஜீரோவும் sd-க்கு அருகில் இருந்தால் ஓவர்ஷூட் கூடும். மெய் அச்சில் ஏற்கெனவே உள்ள ஒரு பிளான்ட் போலின் மேலோ, அதற்குச் சற்று இடப்பக்கமோ ஜீரோவை வைத்து ஆரம்பிப்பது நல்ல பழக்கம். அந்தப் போல் σ கோட்டின் மேல் அல்லது அதற்கு இடப்பக்கம் இருக்கும்போது மட்டும்தான் இது பொருந்தும்.

போலின் மேல் ஜீரோ சரியாக உட்காராவிட்டால்

மோட்டாரின் போல் −2 என்று தாளில் இருக்கும், உண்மையில் −1.8 ஆக இருக்கலாம். அப்போது அடிபட வேண்டிய போல் முழுதாக அடிபடாது. இந்த உதாரணத்தில் அது −2.12-க்கு நகர்ந்து, 10 சதவீத எடையோடு நிற்கும். ஆனால் அதுவும் sd ஜோடியின் வேகத்திலேயே தேய்வதால் 2.5 விநாடியில் அதன் மிச்சம் கண்ணுக்கே தெரியாது. செட்டிலிங் நேரத்துக்கு ஆபத்தில்லை. கவனிக்க வேண்டியது டேம்பிங்கை. மோட்டார் எதிர்பார்த்ததைவிட மந்தமாகிவிட்டதால் ζ 0.48-க்கு இறங்கி, ஓவர்ஷூட் 19.6 சதவீதம் வரை ஏறுகிறது. மோட்டாரின் போல் உறுதியாகத் தெரியாத இடத்தில் நான் ζ = 0.55 எடுத்துத்தான் தொடங்குவேன்.

இதே வேலையை −0.2-இல் உள்ள ஒரு மெதுவான போலின் மேல் செய்யாதீர்கள். ஸ்டெப் ரெஸ்பான்ஸில் அது மறைந்திருக்கும். ஆனால் தண்டின் மேல் வெளியிலிருந்து ஒரு சுமை விழுந்தால், அந்தச் சுமைக்கும் வெளியீட்டுக்கும் இடையே நம் ஜீரோ இல்லை. அடிபட்டதாக நினைத்த போல் அங்கே அப்படியே வெளிப்பட்டு, மெதுவாகத் தேயும். வலப்பாதித் தளத்தில் உள்ள போலை அடிக்க முயல்வதோ இன்னும் மோசம். சிறு பிழையும் நிலையற்ற ஒரு போலாக மிஞ்சிவிடும்.

இனி லேக்

இப்போது Kv = 192/64 = 3. வேண்டியது 10. லேக்கின் ஜீரோவுக்கும் போலுக்கும் உள்ள விகிதம் 3.33 இருந்தால் போதும். 4 என்று எடுத்தால் Kv = 12 ஆகிறது. லேக்கை (s + z)/(s + z/4) என்று எழுதுவோம். பெரிய s-க்கு இது ஏறக்குறைய 1, ஆகவே K-யைத் தொட வேண்டியதில்லை. சிறிய s-க்கு 4.

இதையும் எங்கே வைப்பது? வழக்கமாகச் சொல்லப்படும் விதி இரண்டு: s = 0-க்கு அருகில் வையுங்கள், sd-இல் அது தின்னும் கோணம் 2 பாகைக்குள் இருக்கட்டும். −0.2-இல் ஜீரோவும் −0.05-இல் போலும் வைத்தால் தின்னும் கோணம் 1.9 பாகை. விதி நிறைவேறிவிட்டது. sd ஜோடியும் கொஞ்சமாகத்தான் நகர்கிறது, ζ 0.495 ஆகிறது. நிறைய பேர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் லீட் ஜீரோவில் பார்த்த அதே கதை இங்கேயும் நடக்கிறது. லேக்கின் ஜீரோவும் ஒரு குளோஸ்டு லூப் போலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, அது −0.2107-இல் நிற்கிறது. அதன் எடை +0.057. நேர மாறிலி 4.7 விநாடி. அதாவது அலை அடங்கிய பிறகும் வெளியீடு பல சதவீதம் மேலேயே நின்று, மிக மெதுவாக இறங்கும். 2 சதவீதப் பட்டைக்குள் வர 5 விநாடி ஆகும். ஓவர்ஷூட்டும் 21 சதவீதத்துக்குப் போய்விடுகிறது. லீட் பகுதி அழகாகச் சம்பாதித்துத் தந்த இரண்டு இலக்குகளையும் லேக் கெடுத்துவிட்டது. இதைக் கோண விதி ஒருபோதும் காட்டிக்கொடுக்காது.

வாலின் அளவை முன்கூட்டியே கணக்கிட ஒரு சிறு வழி உண்டு. அந்தப் போல் ஜீரோவை ஒட்டியே இருப்பதால், பண்புச் சமன்பாட்டில் s-க்குப் பதில் −z என்று போட்டுச் சுருக்கினால், ஸ்டெப்பில் அது விடும் வாலின் உயரம் ஏறக்குறைய இப்படி வருகிறது:

```
வால் ≈ z (1 - 1/β) / Kv0
```

இதில் β என்பது லேக்கின் விகிதம், Kv0 என்பது லேக் சேர்ப்பதற்கு முந்தைய Kv. நமக்கு 0.2 × 0.75 / 3 = 0.05. உண்மை 0.057. திசை காட்டுவதற்கு இது போதும். வால் 2 சதவீதத்துக்குள் அடங்க வேண்டுமானால் z 0.08-க்குக் கீழே இருக்க வேண்டும். கொஞ்சம் இடம் விட்டு z = 0.04, போல் 0.01 என்று எடுப்போம்.

இப்போது மெதுவான போல் −0.0404-இல். வாலின் உயரம் 1 சதவீதம். அது தேய 25 விநாடி நேர மாறிலி ஆகும், ஆனால் பட்டைக்குள்ளேயே இருப்பதால் செட்டிலிங் நேரத்தைத் தொடாது. sd ஜோடியின் ζ 0.499. ஓவர்ஷூட் 16 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. செட்டிலிங் நேரம் 2 விநாடிக்குக் கீழே இறங்கியதாகக்கூடக் காட்டும். அலையின் முதல் பள்ளம் 2.5 சதவீதம் ஆழமானது, அதை 1 சதவீத வால் மேலே தூக்கிப் பட்டைக்குள் வைத்துவிடுகிறது. இதைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், வடிவமைப்பின் பலமாக எண்ணக்கூடாது.

அப்படியானால் z-ஐ இன்னும் இன்னும் சிறிதாக்கிக்கொண்டே போகலாமா? அதற்கும் ஒரு விலை உண்டு. ரேம்ப் கொடுத்தால் பிழை முதலில் லேக் இல்லாதது போலவே 0.33 அருகில் போய் நிற்கும். பிறகு அந்த மெதுவான போலின் வேகத்தில்தான் 0.083-க்கு இறங்கும். z = 0.04 என்றால் பிழை 0.1-க்குக் கீழே வர ஏறக்குறைய 67 விநாடி ஆகும். z = 0.2 என்றால் 13 விநாடி போதும். உங்கள் ரேம்ப் 10 விநாடிதான் ஓடும் என்றால், 67 விநாடி கழித்து வரும் துல்லியத்தால் பயனில்லை. Kv = 12 என்று தாளில் எழுதலாம், இயந்திரம் அதை ஒருநாளும் காணாது.

இந்த இழுபறியிலிருந்து வெளியே வர வாய்பாடே வழி சொல்கிறது: Kv0 பெரிதானால் வால் சிறிதாகும். ஆகவே லேக்கைத் திருகிக்கொண்டே இருப்பதைவிட லீட் கட்டத்துக்குத் திரும்பி, அங்கேயே Kv-யை ஏற்றப் பாருங்கள். ஜீரோவை −2-க்கும் −3-க்கும் நடுவில் வைத்தால் Kv0 3-க்கும் 4.5-க்கும் நடுவில் வரும். ஓவர்ஷூட் கூடும். அதை ஈடுகட்ட ζ-வைக் கொஞ்சம் உயர்த்தி sd-யை மறுபடி வைக்க வேண்டும். இரண்டு சுற்று போனால் பெரும்பாலும் நிலைத்துவிடும்.

சரிபார்த்தல்

ஆக்டேவில் கன்ட்ரோல் பொதி இருந்தால் இவ்வளவுதான்:

```
pkg load control
s = tf('s');
G = 1/(s*(s+2)*(s+8));
C = 192*(s+2)*(s+0.04)/((s+8)*(s+0.01));
T = feedback(C*G, 1);
pole(T)
step(T, 5)
```

`pole(T)` தரும் பட்டியலில் −2 ± j3.46-ஐ ஒட்டிய ஜோடி, −12, −0.0404 ஆகியவற்றோடு −2-ம் தெரியும். அடிபட்டது என்று நாம் சொன்ன போல்தான் அது, அமைப்பை விட்டு எங்கும் போய்விடவில்லை. வரைபடத்தை 5 விநாடியோடு நிறுத்தாமல் `step(T, 100)` என்றும் ஒருமுறை ஓடவிடுங்கள். லேக்கின் வால் அதில்தான் கண்ணுக்குத் தெரியும். 5 விநாடி வரைபடத்தில் வெளியீடு 1.01-இல் நிலைத்துவிட்டது போலவே தோன்றும், நிரந்தரப் பிழை இருக்கிறது என்று தவறாக நினைத்துக்கொள்வீர்கள். ரேம்புக்குத் தனிக் கட்டளை தேட வேண்டாம், `step(T/s, 100)` போதும்.

ரூட் லோகஸ் காட்டாத விஷயங்கள் இரண்டு பாக்கி இருக்கின்றன. முதலாவது, ஸ்டெப் விழும் கணத்தில் காம்பன்சேட்டர் வெளியிடும் சமிக்ஞை. அது ஸ்டெப்பின் உயரத்தைப் போல 192 மடங்கு. கெயின் மட்டும் வைத்த அமைப்பில் அது 21.5 மடங்குதான். அதாவது மோட்டார் டிரைவரிடம் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அதிகம் கேட்கிறோம். டிரைவரால் அவ்வளவு தர முடியாவிட்டால் அது உச்சத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரம் முழுவதும் லூப் திறந்தே கிடப்பதால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஸ்டெப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுங்கள். ரெஸ்பான்ஸின் வடிவம் அப்படியே பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் சரி. வடிவமே மாறி, சிறிய ஸ்டெப்பில் மட்டும் கணக்கோடு ஒத்துப்போனால் டிரைவர்தான் எல்லையில் முட்டுகிறது. அப்போது ஸ்டெப்பை ஒரேயடியாகக் கொடுக்காமல் சாய்வாக ஏற்றிக் கொடுக்கலாம், அல்லது σ-வைக் குறைத்து மெதுவான இலக்கை ஏற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது, இதை மைக்ரோகன்ட்ரோலரில் எழுதும்போது வருவது. 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஓடும் லூப்பில், −0.01 போல் 0.99999 என்ற கெழுவாக மாறுகிறது. 16 பிட் ஃபிக்ஸ்டு பாயின்ட் எண்ணில் மிகச் சிறிய படி ஏறக்குறைய 0.00003. ஆகவே 0.99999-ஐ அதில் எழுதவே முடியாது. 1 என்று வட்டமிட்டால் லேக் சுத்தமான இன்டெகிரேட்டர் ஆகிவிடும், வெட்டிவிட்டால் போல் −0.03-க்கு நகர்ந்து Kv 12-இலிருந்து 4 அளவுக்கு இறங்கிவிடும். லேக் பகுதியை மட்டும் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஓட விட்டால் கெழு 0.999 ஆகி, 16 பிட்டுக்குள் நன்றாக அடங்கும். ஆனால் லூப்புக்குள் புதுத் தாமதம் சேராமல் இருக்க, லேக்கை 1 + 0.03/(s + 0.01) என்று பிரித்து, இரண்டாவது துண்டை மட்டும் மெதுவாக ஓட விடுங்கள். 1 என்ற நேர்பாதை ஒவ்வொரு மில்லிவிநாடியும் போய்க்கொண்டே இருக்கட்டும். sd-இல் அந்த மெதுவான துண்டின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு, அதில் 100 மில்லிவிநாடி தாமதம் வந்தாலும் டேம்பிங் அசையாது.